சுளுக்கிய கணுக்காலுக்குச் சமநிலைப் பயிற்சி: வெறும் தரையிலிருந்து ஆடும் பலகை வரை

கணுக்கால் சுளுக்கி, வீக்கம் வடிந்து, வலியும் போன பிறகுதான் பலருக்கு அடுத்த தொல்லை ஆரம்பிக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, இருட்டில் படி இறங்கும்போது, மைதானத்தில் சட்டென்று திரும்பும்போது அதே கால் மறுபடி மடங்குகிறது. என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் பலர் இரண்டாவது, மூன்றாவது சுளுக்கோடுதான் வருகிறார்கள். முதல் முறை ஓய்வெடுத்தார்கள், ஐஸ் வைத்தார்கள், கட்டுப் போட்டார்கள். காலுக்குப் பேலன்ஸ் திரும்பியதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பேலன்ஸை வீட்டிலேயே படிப்படியாகத் திரும்பக் கொண்டுவருவது பற்றியது. ஆடும் பலகையை முதல் நாளே வாங்கி அதன்மேல் ஏறி நிற்பது இதற்கு வழியல்ல. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் பயிற்சியின் வரிசையும் தானாகப் புரியும்.

கால் ஏன் திரும்பத் திரும்ப மடங்குகிறது

பெரும்பாலான சுளுக்குகளில் பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ள, உடல் எடை முழுக்கப் பாதத்தின் வெளிவிளிம்பில் விழுகிறது. வெளிப்பக்கக் கணு எலும்பின் முன்பகுதியிலிருந்து பாதத்துக்குப் போகும் ஒரு சிறிய லிகமெண்ட்தான் முதலில் இழுபடுகிறது, அல்லது கிழிகிறது. மூட்டைக் கட்டிப் பிடிப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. அதற்குள்ளும் மூட்டைச் சுற்றிய உறைக்குள்ளும் இருக்கும் நரம்பு முனைகள், பாதம் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. லிகமெண்ட் காயப்படும்போது இந்தச் செய்தியும் மங்குகிறது. லண்டனைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன் 1965-லேயே இதை எடுத்துச்சொல்லி, ஆடும் பலகையில் நின்று பயிற்சி செய்பவர்களுக்குக் கால் மடங்குவது குறைகிறது என்றும் காட்டினார்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். கணுக்காலிலிருந்து வரும் செய்தி மங்கியதும், அந்த வேலையைக் கண் எடுத்துக்கொள்கிறது. கணுக்கால் தளர்ந்தவர்கள் ஒற்றைக்காலில் நிற்கும்போது மற்றவர்களைவிட அதிகமாகப் பார்வையை நம்பி நிற்கிறார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பகலில், தரையைப் பார்த்தபடி நடக்கும்போது அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. இருட்டானாலோ, பந்தைப் பார்க்கக் கண் மேலே போனாலோ கணுக்கால் தனியாக மாட்டிக்கொள்கிறது.

அதனால்தான் எடுத்த எடுப்பில் பலகை வேண்டாம் என்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டு, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி பலகையில் நிற்கப் பழகினால் பலகையில் நிற்க வரும். ஆனால் அந்த வேலையில் பெரும்பங்கைக் கண்ணே செய்துவிடும். தரையில் கண்ணின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, கணுக்கால் தனியாக நிற்க ஆரம்பித்த பிறகு பரப்பை மாற்ற வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

யார் ஆரம்பிக்கலாம், யார் காத்திருக்க வேண்டும்

அடிபட்ட உடனேயும் பிறகும் நான்கு எட்டுகூட எடை வைத்து நடக்க முடியவில்லை, அல்லது கணு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் சுள்ளென்று வலிக்கிறது என்றால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். உள்பக்கக் கணு, வெளிப்பக்கக் கணு இரண்டையும் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளிவிளிம்பில், நடுவாக்கில் புடைத்துத் தெரியும் எலும்பையும், உள்பக்கம் பாத வளைவின் மேலே தட்டுப்படும் எலும்பையும் அப்படியே பார்க்க வேண்டும். மருத்துவமனைகளில் எலும்பு முறிவைச் சந்தேகிக்க இந்த இடங்களைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். எலும்பு சரியாக இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

எலும்பில் பிரச்சினை இல்லையென்றால், நொண்டாமல் வீட்டுக்குள் நடக்க முடிகிற நாள்தான் ஒற்றைக்கால் பயிற்சியை ஆரம்பிக்கும் நாள். லேசான சுளுக்கில் அது ஒரு வாரத்திலேயே வரும். கணுக்காலைச் சுற்றி நீலமாகக் கன்றி, நன்றாக வீங்கியிருந்தால் இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். நாட்களை எண்ணி முடிவு செய்யாதீர்கள், நடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், ஏற்கெனவே விழுந்து அடிபட்ட வயதானவர்கள் கண்ணை மூடிச் செய்யும் பயிற்சிகளைத் தனியாகச் செய்ய வேண்டாம். பக்கத்தில் ஒரு பிசியோ இருக்கட்டும்.

முதலில் இரண்டு அளவுகள்

ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு விஷயங்களை அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் நல்ல காலிலும் அளக்க வேண்டும், அதுதான் உங்களுக்கான இலக்கு.

முதலாவது, கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பது. சுவரைப் பார்த்து வெறுங்காலில் நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடி தொடுங்கள். குதிகால் எழாமல் கடைசியாகத் தொட முடிந்த இடத்தில், கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலுக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடிபட்ட மூட்டு இன்னும் இறுகியிருக்கிறது என்று பொருள். இதே அசைவை, வலிக்காத அளவுக்கு, தினம் பதினைந்து இருபது முறை செய்தால் பெரும்பாலும் இளகிவிடும். இறுகிய மூட்டோடு பேலன்ஸ் பயிற்சி செய்தால் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும், முழங்கால் உள்ளே சரியும், பயிற்சி வேறெங்கோ போய்விடும்.

இரண்டாவது, ஒற்றைக்காலில் நிற்கும் நேரம். கண்ணைத் திறந்து எத்தனை வினாடி, மூடி எத்தனை வினாடி என்று மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்று முறை பார்த்து, அதில் நல்லதை எழுதுங்கள். கையால் எதையாவது பிடித்தாலோ, மற்றக் கால் தரையைத் தொட்டாலோ, நிற்கும் பாதம் இடம் நகர்ந்தாலோ நேரம் முடிந்தது. முதல் முறை கண்ணை மூடும்போது மூன்று வினாடியிலேயே கால் கீழே வந்துவிட்டால் பயப்படாதீர்கள், சுளுக்குக்குப் பிறகு அது சாதாரணம்.

தரை: பெரும்பகுதி நேரம் இங்கேதான்

அறையின் ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு முதுகு காட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, முன்னால் கனமான ஒரு நாற்காலியின் முதுகுப்பக்கம் இருக்கும்படி போட்டுக்கொள்ளுங்கள். இப்போது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிக்க ஏதாவது இருக்கும். கீழே விழமாட்டோம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் உடல் விறைக்காமல் நிற்கும், விறைத்த உடலில் கணுக்காலுக்கு வேலையே இருக்காது. செருப்பு, சாக்ஸ், பிரேஸ் எதுவும் வேண்டாம். டைல்ஸ் தரை ஈரமில்லாமல் இருக்கட்டும்.

முதல் சில நாட்கள் இரண்டு காலிலும் நின்றுகொண்டு எடையை மட்டும் மாற்றுங்கள். பாதத்தில் எடை மூன்று இடத்தில் தெரிய வேண்டும்: குதிகால், கட்டைவிரலின் அடிப்பக்கம், சுண்டுவிரலின் அடிப்பக்கம். மெதுவாக எடையை முன்னால், பின்னால், வலப்பக்கம், இடப்பக்கம் என்று நகர்த்தி, அந்த மூன்றில் எது லேசாகிறது என்று கவனியுங்கள். சுளுக்கியவர்களுக்குப் பெரும்பாலும் கட்டைவிரல் பக்கம்தான் லேசாக இருக்கும், எடை வெளிவிளிம்புக்கு ஓடியிருக்கும். கால் மடங்குவதும் அந்தப் பக்கம்தான் என்பதால், கட்டைவிரலின் அடியைத் தரையில் பதித்து வைக்கப் பழகுவது முதல் பாடம்.

அது வந்ததும் ஒற்றைக்கால். முழங்காலை இறுக்கி நேராக்காமல், லேசாகத் தளர்த்தி மடக்கி வையுங்கள். எதிர்ச் சுவரில் கண் மட்டத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து 30 வினாடி. ஒரு நிமிடம் ஓய்வு, பிறகு மறுபடி. அடிபட்ட காலில் ஐந்து முறை, நல்ல காலில் இரண்டு முறை செய்யுங்கள். ஒரு கால் சுளுக்கினால் மற்றக் காலின் பேலன்ஸும் சிலருக்குக் கொஞ்சம் குறைவதுண்டு, அதனால் அதை விட்டுவிடாதீர்கள்.

நிற்கும்போது கணுக்கால் இடைவிடாமல் சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டே இருக்கும். அது தப்பில்லை. அந்த ஆட்டம்தான் பயிற்சி, ஒவ்வொரு சின்னச் சாய்வையும் காலின் வெளிப்பக்கத் தசைகள் இழுத்துச் சரிசெய்துகொண்டிருக்கின்றன. வெளிப்பக்கக் கணு எலும்புக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தால் அந்த நரம்பு போன்ற தசைநாண் விறைத்துத் தளர்வது தெரியும்.

வேறு சில விஷயங்கள் தப்பு. கால்விரல்கள் தரையைப் பற்றிக்கொள்வதுபோல மடங்கினால், பாதம் வேலை செய்யாமல் விரல்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். விரல்களை நீட்டித் தளர்த்துங்கள். இடுப்பும் கைகளும் பெரிதாக வீசினால் கணுக்காலின் வேலையை இடுப்பு எடுத்துக்கொண்டுவிட்டது. அப்போது நேரத்தைக் குறைத்து, 10 வினாடியை ஒழுங்காக நில்லுங்கள். தூக்கிய காலை நிற்கும் காலோடு ஒட்டி முட்டுக்கொடுப்பது எல்லோரும் தெரியாமல் செய்வது, இரண்டு காலுக்கும் இடையே இடைவெளி இருக்கட்டும். பக்கவாட்டிலிருந்து யாராவது ஒரு வீடியோ எடுத்துக் காட்டினால் இதெல்லாம் உடனே தெரிந்துவிடும்.

30 வினாடி, தொடர்ந்து மூன்று முறை, எதையும் தொடாமல் நிற்க வந்துவிட்டால் பரப்பை மாற்ற நினைக்காதீர்கள். கண்ணிலிருந்து வரும் உதவியைக் குறையுங்கள். அதே நிலையில் நின்றுகொண்டு தலையை மெதுவாக இடப்பக்கம், வலப்பக்கம் திருப்புங்கள், பிறகு மேலே கீழே. பார்வை ஓரிடத்தில் நிற்காததால் திடீரென்று பழைய தடுமாற்றம் திரும்ப வரும். சில நாட்களில் இது சமாளிக்கக்கூடியதாகும். அடுத்து ஒரு பந்தைச் சுவரில் தட்டிப் பிடியுங்கள், கண் பந்தோடு போகட்டும். கடைசியாகக் கண்ணை மூடுங்கள். மூடும்போது இரண்டு கையும் நாற்காலியைத் தொட்டபடி, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு எதுவுமில்லாமல்.

கண்ணை மூடி 10 வினாடி நிற்க முடிந்தாலோ, நல்ல கால் எவ்வளவு நிற்கிறதோ அதற்கு இரண்டு வினாடி குறைவாக வந்தாலோ போதும். வயது கூடக்கூட இந்த நேரம் எல்லோருக்கும் குறையும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 5 வினாடி வந்தாலே நல்ல அளவு, அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

இதே கட்டத்தில் இன்னொரு பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். தரையில் டேப் ஒட்டி ஒரு ஒய் வடிவம் போடுங்கள்: ஒரு கோடு நேர் முன்னால், மற்ற இரண்டும் பின்னால் இரண்டு பக்கமும் விரிந்தபடி. மூன்றும் சேரும் இடத்தில் அடிபட்ட காலை வைத்து நின்று, மற்றக் காலின் விரலால் ஒவ்வொரு கோட்டின் மேலும் எவ்வளவு தூரம் எட்ட முடிகிறதோ அவ்வளவு எட்டி, லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்ப வாருங்கள். எடையை அந்தக் காலுக்கு மாற்றக் கூடாது, நிற்கும் குதிகால் எழக் கூடாது. ஒவ்வொரு திசைக்கும் ஐந்து முறை. முன்பக்கக் கோட்டில் இரண்டு காலுக்கும் எட்டும் தூரம் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் இன்னும் தரையிலேயே வேலை பாக்கி இருக்கிறது.

மெத்தென்ற பரப்பு

இப்போது தலையணை. ஆனால் எல்லாத் தலையணையும் ஆகாது. இலவம்பஞ்சுத் தலையணையில் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பாதம் சரிந்து, எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கமே மடங்கும். முதலில் ஒரு போர்வையை நான்காக மடித்துப் போட்டு நில்லுங்கள். பிறகு கெட்டியான ஃபோம் தலையணை, அல்லது கடையில் கிடைக்கும் பேலன்ஸ் பேட். ஏறி நின்றதும் பாதம் பாதியளவு அமுங்கி, ஆனால் தரை தட்டாமல் இருக்க வேண்டும், அதுதான் சரியான கெட்டி. கட்டில் மெத்தைமேல் நிற்க வேண்டாம், பாதம் ஆழமாகப் புதைவதோடு சுற்றிலும் பிடிக்கவும் எதுவும் இருக்காது. தலையணைக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

மெத்தென்ற பரப்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தரையில் நிற்கும்போது உள்ளங்காலில் எங்கே அழுத்தம் கூடுகிறது என்பது தெளிவாகத் தெரியும், அந்தத் தடயத்தை வைத்தும் உடல் நிற்கிறது. ஃபோம் அழுத்தத்தைச் சமமாகப் பரப்பிவிடுவதால் அந்தத் தடயம் மங்கிவிடும். உடனே மூளை மறுபடி கண்ணையும், உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பையும் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். அதனால் தலையணையிலும் அதே வரிசை: புள்ளியைப் பார்த்து 30 வினாடி, தலை திருப்பி 20 வினாடி, பந்து, கடைசியாகக் கண் மூடி. இங்கே கண் மூடி 5 வினாடி வந்தாலே அடுத்த கட்டத்துக்குப் போகலாம். தரையில் கண் மூடி நிற்க முடியாதவர் தலையணையில் கண் திறந்து நிற்பதால் பெரிய பலன் இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பரப்பை மாற்றிய நாளில் கண் திறந்தே இருக்கட்டும், கண் மூடிப் பழகும் நாளில் பழைய பரப்பிலேயே நில்லுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்கே தெரியாது.

ஆடும் பலகை

பலகையில் இரண்டு வகை. ஒன்றின் அடியில் நீளவாக்கில் உருளையைப் பாதியாக அறுத்ததுபோல் ஒரு கட்டை இருக்கும், அது இரண்டு பக்கம் மட்டும் சாயும். மற்றதன் அடியில் அரைக்கோளம் இருக்கும், எல்லாப் பக்கமும் சாயும். முதல் வகையில் ஆரம்பியுங்கள். தச்சரிடம் ஒட்டுப்பலகையில் செய்தும் வாங்கலாம், சுமார் 40 சென்டிமீட்டர் அகலம் போதும். மேற்பரப்பில் வழுக்காத ரப்பர் ஒட்டியிருக்க வேண்டும்.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதத்தை மட்டும் பலகைமேல் வைத்து ஆட்டிப் பழகுங்கள். இரண்டொரு நாள் போதும். பிறகு இரண்டு காலிலும் ஏறி நின்று, பலகை முன்னும் பின்னும் சாயும்படி வைத்துச் செய்யுங்கள். இது பழகிய பிறகே பலகையைத் திருப்பி, பக்கவாட்டில் சாயும்படி வைக்க வேண்டும். சுளுக்கு நடந்த திசை பக்கவாட்டுத் திசை என்பதால் அதைக் கடைசியில் வைப்பது பாதுகாப்பு. விளிம்பு தரையில் தட்டாமல் நடுவில் நிறுத்துவதுதான் வேலை. விளிம்பு டப் டப் என்று தரையில் அடித்துக்கொண்டே இருந்தால் அந்தக் கட்டம் உங்களுக்கு இன்னும் வரவில்லை, தலையணைக்கே திரும்புங்கள்.

அதன் பிறகு ஒற்றைக்கால், பிறகு அரைக்கோளப் பலகையில் இரண்டு கால், கடைசியாக அதிலும் ஒற்றைக்கால். பலகைமேல் தலை திருப்புவதும் பந்து பிடிப்பதும் போதும். வீட்டில் தனியாக இருக்கும்போது பலகைமேல் கண்ணை மூட வேண்டாம், விழுந்து புதிதாக ஒரு சுளுக்கு வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

ஓர் உதாரணம்

வாலிபால் ஆடும் 26 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வலையருகே துள்ளிவிட்டு இறங்கும்போது எதிரணிக்காரரின் பாதத்தில் மிதித்து வலக்கால் மடங்கிவிட்டது. வாலிபாலில் சுளுக்கு அடிக்கடி வருவது இப்படித்தான். எக்ஸ்ரேயில் எலும்பு சரி. பன்னிரண்டாம் நாள் நொண்டாமல் நடக்கிறார்.

அன்று அளக்கும்போது முழங்கால் சுவரில் தொடும் தூரம் இடப்பக்கம் 10 சென்டிமீட்டர், வலப்பக்கம் 6. கண் திறந்து வலக்காலில் 14 வினாடி, மூடி 2 வினாடி. இடக்காலில் மூடி 13. இவர் முதல் இரண்டு வாரமும் தரையிலேயே இருக்க வேண்டும், கூடவே மூட்டை இளக்கும் அசைவு. வாரம் நான்கு நாள், ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம்.

இரண்டு வாரம் கழித்து மூட்டு 9 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. கண் திறந்து 30 வினாடி எளிதாக நிற்கிறார், மூடி 6. இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுவார்கள், கண் திறந்து நிற்பது எளிதாகிவிட்டதால் தலையணைக்குப் போகத் தோன்றும். இவரும் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலையணையில் இடுப்பு வீசுகிறது, விரல்கள் மடங்குகின்றன. மறுநாள் காலை கணுக்கால் முன்பக்கம் லேசாக வீங்கி, முதல் சில எட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன. பயிற்சியின்போது பத்துக்கு இரண்டு மூன்று அளவு வலி வந்து, அன்றே போய்விட்டால் பரவாயில்லை. மறுநாள் காலை வீக்கமோ இறுக்கமோ கூடியிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது. இவர் ஒருநாள் ஓய்வெடுத்து, தரைக்குத் திரும்பி, தலை திருப்புவதிலும் கண் மூடுவதிலும் இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டும். கண் மூடி 11 வினாடி வந்த பிறகு தலையணைக்குப் போனால் அதே தலையணை அவருக்கு வேறு மாதிரி இருக்கும், ஆட்டம் கணுக்காலிலேயே நிற்கும். இப்படியே போனால் ஆறாவது வாரத்தில் பக்கவாட்டுப் பலகையில் இருப்பார்.

மறுபடி தரைக்கு: இறங்குவது

பலகையில் ஒற்றைக்காலில் நிற்க வந்துவிட்டது என்பதால் விளையாட்டுக்குத் தயார் என்று அர்த்தமில்லை. கால் மடங்குவது பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும்போது நடப்பதில்லை, பாதம் தரையைத் தொடும் அந்தக் கணத்தில் நடக்கிறது. மடங்கும் வேகத்துக்குத் தசை பதில் கொடுத்துத் தடுக்க நேரம் போதாது. பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே சரியான கோணத்தில் இருக்க வேண்டும், தசை முன்கூட்டியே விறைத்திருக்க வேண்டும்.

அதனால் கடைசிக் கட்டம் வெறும் தரையில், இப்போது ஷூ போட்டுக்கொண்டு. இரண்டு காலில் சின்னதாகத் துள்ளி இரண்டு காலில் இறங்குங்கள். பிறகு இரண்டில் துள்ளி ஒன்றில் இறங்கி, அப்படியே 3 வினாடி அசையாமல் நில்லுங்கள். பிறகு ஒற்றைக்காலில் துள்ளி அதே காலில் இறங்குவது: முன்னால், பின்னால், கடைசியாகப் பக்கவாட்டில். ஒவ்வொன்றும் ஐந்து முறை. இறங்கியதும் கூடுதலாக ஒரு குட்டித் துள்ளல் போட வேண்டியிருந்தால் அந்த இறக்கம் கணக்கில் வராது. வாலிபால் ஆடுகிறவர் கடைசியாகப் பந்தை மேலே பார்த்தபடி துள்ளி இறங்கிப் பழக வேண்டும், ஏனென்றால் மைதானத்தில் அவர் கண் தரையில் இருக்காது.

எவ்வளவு நாள், எவ்வளவு பலன்

வாரம் மூன்று முதல் ஐந்து நாள், ஒருமுறைக்குப் பதினைந்து முதல் முப்பது நிமிடம், குறைந்தது எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டு ஆட்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் வழக்கமான சிகிச்சையோடு எட்டு வாரம் வீட்டிலேயே, யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் இப்படிப்பட்ட பயிற்சி செய்தார்கள். 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அந்த முடிவின்படி, ஓராண்டுக்குள் மறுபடி சுளுக்கியவர்கள் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 22 பேர், செய்யாதவர்களில் 33 பேர். வீட்டில் தானாகச் செய்தாலும் பலன் உண்டு என்பதற்கு இது நல்ல ஆதாரம். எல்லாச் சுளுக்கையும் இது தடுத்துவிடாது என்பதும் அதே எண்களில் இருக்கிறது. அதனால் விளையாட்டுக்குத் திரும்பும் முதல் சில மாதங்கள் ஆட்டத்தின்போது பிரேஸ் அல்லது டேப் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் கால் மடங்கிக்கொண்டே இருந்தால், மூட்டு எங்கோ சிக்கிக்கொண்டு திடீரென விடுபடுவதுபோல் இருந்தால், மூட்டுக்குள்ளே ஆழமாக ஒரு வலி போகாமல் நின்றால், அல்லது கணுவுக்கு மேலே, கால் எலும்புகள் இரண்டும் சேரும் இடத்தில் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும்போது வலித்தால், பேலன்ஸ் பயிற்சியைக் கூட்டிப் பயனில்லை. எலும்பின் மேல்பூச்சான குருத்தெலும்பிலோ, மேல்பக்க லிகமெண்டிலோ காயம் இருக்கலாம், எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எட்டு வாரம் முடிந்ததும் முழுப் பயிற்சி தேவையில்லை. வாரம் இரண்டு நாள், விளையாட்டுக்கு முன் உடலைச் சூடாக்கும் நேரத்தில், தரையில் கண் மூடி இரண்டு முறை, பந்து பிடித்தபடி ஒற்றைக்காலில் இரண்டு முறை, ஒற்றைக்காலில் துள்ளி இறங்குவது பத்து முறை. மாதம் ஒருமுறை கண் மூடி நிற்கும் நேரத்தை அளந்து பழைய நோட்டில் எழுதிப் பாருங்கள். அது பாதியாகக் குறைந்திருந்தால் மறுபடி இரண்டு வாரம் தரைப் பயிற்சி.